2¹⁰⁰ பெரியதா, 3⁶⁰ பெரியதா? கால்குலேட்டர் இல்லாமல் கண்டுபிடிக்க நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

கோத்தகிரியில் நான் நடத்தும் மாலை வகுப்புக்கு இரண்டு தரப்பினர் வருகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஒரு பக்கம். தேயிலைத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்துவிட்டு குரூப் 4 தேர்வுக்குப் படிக்க வருகிற இளைஞர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்பும் முட்டி நிற்கும் கணக்கு ஒன்றுதான்: "2¹⁰⁰, 3⁶⁰ இவற்றில் பெரியது எது?"

விடை தெரியாமல் அவர்கள் முட்டுவதில்லை. பள்ளியில் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருப்பார்கள், கோச்சிங் வீடியோவில் வேறொன்று பார்த்திருப்பார்கள், பிளஸ் ஒன் படிக்கும் அண்ணன் மடக்கை போடு என்பான். "சார், எல்லாம் ஒரே விடைதானே தருது, எதை வச்சுக்கிறது?" என்று கேட்கிறார்கள். இந்தக் கணக்குக்கு எல்லாம் ஒரே விடைதான் தருகின்றன. ஆனால் 3⁶⁰ இருக்கும் இடத்தில் 3⁶³ என்று மாற்றிப் பாருங்கள், நான்கில் இரண்டு வழிகள் அங்கேயே நின்றுவிடும். அதனால் எதை எப்போது எடுப்பது என்று நிதானமாகப் பார்க்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் உறுதி. வழி தருவது நிரூபணமா, நெருக்கமான மதிப்பா? "ஏறக்குறைய இவ்வளவு" என்று வருகிற விடை பல இடங்களில் போதும், சில இடங்களில் ஆளைக் கவிழ்த்துவிடும்.

இரண்டாவது, கையால் எழுத வேண்டிய வேலை. பெருக்கல் கூடக் கூடப் பிழையும் கூடும்.

மூன்றாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அடுக்கு ஒன்றிரண்டு மாறினால் வழி தாங்குமா? கேள்வித்தாளில் வருகிற எண்கள் நமக்குத் தோதாகவே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஒப்பீட்டுக்கு முன்னால் ஒரு குறுக்குவழியை அடியோடு விலக்கி வைக்க வேண்டும். அடிமானத்தையும் அடுக்கையும் பெருக்கிப் பார்ப்பது அது. 2×100 = 200, 3×60 = 180, அதனால் 2¹⁰⁰ பெரியது என்பார்கள். விடை சரியாக வந்துவிடுவதால் மனதில் அப்படியே தங்கிவிடுகிறது. இதையே 2³¹, 3²⁰ என்ற ஜோடியில் போடுங்கள். 62, 60 என்று வரும், எனவே 2³¹ பெரியது என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. 3²⁰ என்பது 9¹⁰. 2³¹ என்பது 2×8¹⁰. ஆகவே (9/8)¹⁰ என்பது 2-ஐத் தாண்டுகிறதா என்று பார்த்தால் போதும். ஒவ்வொரு பெருக்கலிலும் எட்டில் ஒரு பங்காவது கூடுகிறது. பத்து முறை கூடினால், வட்டிக்கு வட்டியை விட்டுவிட்டாலும் 1 + 10/8 = 2.25 ஆகிவிடும். 2-ஐத் தாண்டியாயிற்று. 3²⁰ தான் பெரியது.

## முதல் வழி: அடுக்கைச் சமமாக்குவது

100, 60 இரண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி 20. எனவே,

2¹⁰⁰ = (2⁵)²⁰ = 32²⁰
3⁶⁰ = (3³)²⁰ = 27²⁰

அடுக்கு இரண்டிலும் 20. அடிமானத்தில் 32 பெரியது. 2¹⁰⁰ > 3⁶⁰. முடிந்தது.

உறுதி நூற்றுக்கு நூறு, வேலை இரண்டே வரி. மூன்று நான்கு எண்களை வரிசைப்படுத்தச் சொன்னால் இதற்கு ஈடே இல்லை. 2¹⁰⁰, 3⁶⁰, 5⁴⁰ என்று கொடுத்தால் 32²⁰, 27²⁰, 25²⁰ என்று ஒரே மூச்சில் எழுதி இறங்கு வரிசையை வைத்துவிடலாம்.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், கேள்வி அமைத்தவர் 20 என்ற பொதுக் காரணியை நமக்காக உள்ளே வைத்திருக்கிறார். அவர் வைக்காவிட்டால் வழி இல்லை. 100, 63 இரண்டுக்கும் பொதுக் காரணி 1 மட்டுமே. அடுக்கைச் சமமாக்கப் போனால் அடுக்கு 1 ஆகி, 2¹⁰⁰, 3⁶³ என்று தொடங்கிய இடத்திலேயே நிற்போம். இதை மட்டும் பழகிய பிள்ளைகள் அந்த இடத்தில் "கேள்வி தப்பு" என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

## இரண்டாம் வழி: நடுவில் ஓர் எண்ணை நிறுத்துவது

ஊட்டி உயரமா, கொடைக்கானல் உயரமா என்று தெரிய இரண்டு ஊரையும் அருகருகே கொண்டுவர வேண்டியதில்லை. 2,200 மீட்டர் என்று ஒரு கோடு போட்டால், ஊட்டி அதற்கு மேலே நிற்கும், கொடைக்கானல் கீழே நிற்கும். அதே வேலையை இங்கே 10³⁰ செய்யும்.

2¹⁰ = 1024. இது 1000-ஐவிடப் பெரியது, அதாவது 2¹⁰ > 10³. இரண்டு பக்கத்தையும் பத்தாம் அடுக்குக்கு உயர்த்தினால் 2¹⁰⁰ > 10³⁰.
3² = 9. இது 10-ஐவிடச் சிறியது. முப்பதாம் அடுக்குக்கு உயர்த்தினால் 3⁶⁰ < 10³⁰.

10³⁰-க்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. இதுவும் முழு நிரூபணம்தான். நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே, 1024-உம் 9-உம் தவிர எதுவும் தெரிய வேண்டாம். கூடவே ஓர் உபரியும் கிடைக்கிறது: 2¹⁰⁰-இல் குறைந்தது 31 இலக்கங்கள், 3⁶⁰-இல் அதிகபட்சம் 30 இலக்கங்கள் என்று தெரிந்துவிடுகிறது. (உண்மையில் அவை 31, 29.)

இதன் செலவு வேறு மாதிரி. நடுவில் நிற்கும் எண் கண்ணில் பட வேண்டும். அது பயிற்சியாலும் கொஞ்சம் அதிர்ஷ்டத்தாலும் வருவது. அப்புறம், இரண்டு எண்களும் நெருங்கி நின்றால் அழகான நடு எண்ணுக்கு இடமே இருக்காது. 2¹⁰⁰ ஏறக்குறைய 1.27×10³⁰. 3⁶³ ஏறக்குறைய 1.14×10³⁰. இரண்டும் கோட்டுக்கு மேலே நிற்கின்றன. 10³⁰ இங்கே எதையும் சொல்லாது.

## மூன்றாம் வழி: 2-க்கும் 3-க்கும் ஏணி போடுவது

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பள்ளியில் இதற்கு நேரம் கிடைப்பதில்லை. ஆனால் மற்றவை நின்றுபோகிற இடத்தில் நடப்பது இதுதான்.

2-இன் அடுக்குகளும் 3-இன் அடுக்குகளும் ஒருபோதும் சமமாகாது. ஒன்று இரட்டைப்படை, மற்றது ஒற்றைப்படை. ஆனால் சில இடங்களில் இரண்டும் மிக அருகில் வந்துபோகும். அந்த இடங்கள்தான் ஏணியின் படிகள்:

3² = 9, 2³ = 8. இங்கே 3² பெரியது.
3³ = 27, 2⁵ = 32. இங்கே 2⁵ பெரியது.
3⁵ = 243, 2⁸ = 256. இங்கேயும் 2⁸ பெரியது.
3¹² = 531441, 2¹⁹ = 524288. இங்கே 3¹² பெரியது.

கடைசி வரியைக் கையால் சரிபார்ப்பது கடினமில்லை. 3⁶ = 729, அதை அதாலேயே பெருக்கினால் 531441. 2⁹ = 512, அதை 1024-ஆல் பெருக்கினால் 524288. சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இந்த ஜோடி வேறு வழியில் அறிமுகமாகியிருக்கும். பன்னிரண்டு முறை சட்ஜ பஞ்சம இடைவெளியில் ஏறினால் ஏழு ஸ்தாயிக்கு மிக அருகில் வந்து, ஒரு மயிரிழை தள்ளி நிற்கும். அந்த மயிரிழை 531441/524288 தான்.

சரி, கணக்குக்கு வருவோம். 3⁶⁰ = (3⁵)¹². 3⁵ < 2⁸ என்பதால் 3⁶⁰ < 2⁹⁶. எனவே 2¹⁰⁰-ஐவிடச் சிறியது. அதோடு ஒரு கூடுதல் செய்தியும் கிடைத்தது: 2¹⁰⁰ பதினாறு மடங்குக்கும் மேல் பெரியது.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 9 > 8 எல்லோருக்கும் தெரிந்த படி என்பதால் முதலில் அதையே எடுக்கிறார்கள். 3⁶⁰ = 9³⁰ > 8³⁰ = 2⁹⁰ என்று எழுதுகிறார்கள். கணக்கு சரிதான், ஆனால் பயன் இல்லை. 3⁶⁰ என்பது 2⁹⁰-ஐவிடப் பெரியது என்று தெரிந்தால் அது 2¹⁰⁰-ஐவிடச் சிறியது என்று ஆகிவிடுமா? ஆகாது. 3⁶⁰ சிறியது என்று காட்ட, 3-இன் அடுக்கு சிறியதாக இருக்கிற படியை எடுக்க வேண்டும். பெரியது என்று காட்ட, பெரியதாக இருக்கிற படியை எடுக்க வேண்டும். தவறான பக்கத்துப் படியை எடுத்துவிட்டோம் என்பதற்கு அடையாளம் எளிது: இரண்டு அசமன்பாடுகளும் ஒரு சங்கிலியாகக் கோக்காது. 2⁹⁰ < 3⁶⁰ என்றும் 2⁹⁰ < 2¹⁰⁰ என்றும் நிற்கும், 3⁶⁰-க்கும் 2¹⁰⁰-க்கும் நடுவில் இணைப்பு இருக்காது.

இப்போது அடுக்கை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்கலாம். 3⁶⁰ < 2⁹⁶ என்று கையில் இருக்கிறது.

3⁶¹ = 3×3⁶⁰ < 4×2⁹⁶ = 2⁹⁸. இன்னும் 2¹⁰⁰ தான் பெரியது.
3⁶² = 9×3⁶⁰ < 16×2⁹⁶ = 2¹⁰⁰. இதுவும் தப்பித்தது.
3⁶³ = 27×3⁶⁰ < 27×2⁹⁶. இங்கே நிற்கிறது. 27 என்பது 16-ஐவிடப் பெரியது, ஆகவே வலப்பக்கம் 2¹⁰⁰-ஐத் தாண்டிவிட்டது.

தாண்டியது நாம் போட்ட எல்லைதான். 3⁶³ தாண்டியதா என்று இன்னும் தெரியாது. 243-க்குப் பதில் 256 என்று எடுத்தபோது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டினோம், அப்படிப் பன்னிரண்டு முறை செய்தோம். அந்த மிகை சேர்ந்து இப்போது வழியை அடைக்கிறது. ஆகவே இன்னும் நெருக்கமான படிக்கு ஏற வேண்டும்.

3¹²-உம் 2¹⁹-உம் எவ்வளவு நெருக்கம்? வித்தியாசம் 7153. 524288-இல் இரண்டு சதவீதம் பத்தாயிரத்தைத் தாண்டும். எனவே 3¹² < 1.02×2¹⁹ என்று தைரியமாக எழுதலாம். இரண்டு பக்கத்தையும் ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தினால் 3⁶⁰ < (1.02)⁵×2⁹⁵. (1.02)⁵ என்பது 1.1041 அளவில் வரும், 1.11 என்று கூட்டியே வைத்துக்கொள்வோம். அப்படியானால்,

3⁶³ < 27×1.11×2⁹⁵ = 29.97×2⁹⁵ < 32×2⁹⁵ = 2¹⁰⁰

3⁶³-உம் சிறியதுதான். அடுத்து 3⁶⁴. இப்போது பெரியது என்று காட்ட முயல்வோம், 3¹² > 2¹⁹ என்ற படி சரியான பக்கத்தில் இருக்கிறது. 3⁶⁰ > 2⁹⁵. எனவே 3⁶⁴ = 81×3⁶⁰ > 64×2⁹⁵ = 2¹⁰¹. 2¹⁰⁰-ஐத் தாண்டியே விட்டது.

ஆக, 3⁶³ < 2¹⁰⁰ < 3⁶⁴. எல்லை எங்கே விழுகிறது என்பதையே கையால், பேனா முனையில் கண்டுபிடித்தாயிற்று. பொதுக் காரணியும் தேவைப்படவில்லை, அட்டவணையும் தேவைப்படவில்லை.

இதன் செலவை மறைக்கக் கூடாது. நான்கு படிகளை மனப்பாடமாகவோ உடனே போட்டுப் பார்க்கும் பழக்கத்தோடோ வைத்திருக்க வேண்டும். எந்தப் பக்கத்துப் படி என்ற கவனம் ஒவ்வொரு வரியிலும் வேண்டும். அடிமானம் 2, 3 என்று இல்லாமல் 5, 7 என்று மாறினால் ஏணியைப் புதிதாகப் போட வேண்டும்.

## நான்காம் வழி: மடக்கை

log 2 = 0.3010, log 3 = 0.4771. இந்த இரண்டும் தெரிந்தால்,

100 × 0.3010 = 30.10
60 × 0.4771 = 28.626

30.10 பெரியது, ஆகவே 2¹⁰⁰ பெரியது. வித்தியாசம் 1.474, அதாவது 2¹⁰⁰ ஏறக்குறைய 30 மடங்கு பெரியது. எத்தனை மடங்கு என்பதை இவ்வளவு சுலபமாகச் சொல்வது இந்த வழி மட்டும்தான். 3⁶³-க்கும் அசராது: 63 × 0.4771 = 30.0573, இது 30.10-ஐவிடக் குறைவு.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் மடக்கையே போதாதா? பிளஸ் ஒன் பிள்ளைகள் இப்படித்தான் கேட்கிறார்கள். போதாது, காரணத்தை ஒரு கணக்கில் காட்டிவிடலாம்.

3³⁰⁶, 2⁴⁸⁵ என்று ஒரு ஜோடி எடுங்கள். 306 × 0.4771 = 145.9926. 485 × 0.3010 = 145.985. எனவே 3³⁰⁶ பெரியது என்று மடக்கை சொல்லும். இது தவறு. ஏழு இலக்கம் வரை எடுத்தால், 0.4771213 × 306 என்பது 145.9991 அளவிலும், 0.3010300 × 485 என்பது 145.9995 அளவிலும் வரும். பெரியது 2⁴⁸⁵ தான்.

என்ன நடந்தது? 0.4771, 0.3010 இரண்டுமே உண்மை மதிப்பில் கொஞ்சம் வெட்டிய எண்கள். 0.3010-இல் விழுந்த சின்ன வெட்டு 485-ஆல் பெருக்கப்பட்டு, 0.4771-இன் வெட்டு 306-ஆல் பெருக்கப்பட்டதைவிட அதிகமாக வளர்ந்துவிட்டது. அடுக்கு பெரிதாகப் பெரிதாகப் பிழையும் அதே வேகத்தில் பெரிதாகும். எப்போது நம்பலாம் என்று சோதிக்க ஒரு கணக்கு உண்டு. நான்கு இலக்க மதிப்பில் பிழை அதிகபட்சம் 0.00005. இரண்டு அடுக்குகளையும் கூட்டி அதால் பெருக்குங்கள். கிடைத்த வித்தியாசம் அதைவிடப் பெரியதாக இருந்தால் விடையை நம்பலாம். 2¹⁰⁰, 3⁶⁰-க்கு 160 × 0.00005 = 0.008. வித்தியாசம் 1.474. கவலையே இல்லை. 3³⁰⁶, 2⁴⁸⁵-க்கு 791 × 0.00005 ஏறக்குறைய 0.04. வித்தியாசமோ 0.0076 மட்டும். நம்பக் கூடாது.

இந்தச் சோதனையைச் சேர்த்து எழுதினால் மடக்கையும் நிரூபணமாகிவிடும். பெரும்பாலோர் எழுதுவதில்லை.

## அருகருகே வைத்துப் பார்த்தால்

| வழி | உறுதி | கை வேலை | 3⁶³ என்று மாறினால் | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|
| அடுக்கைச் சமமாக்குவது | முழு நிரூபணம் | இரண்டு வரி | நின்றுவிடும் | பொதுக் காரணி பெரிதாக இருக்கும்போது, பல எண்களை வரிசைப்படுத்தும்போது |
| நடு எண் | முழு நிரூபணம் | இரண்டு வரி | 10³⁰ உதவாது | எண்கள் விலகி நிற்கும்போது, இலக்கங்களை எண்ணச் சொல்லும்போது |
| ஏணி | முழு நிரூபணம் | நான்கைந்து வரி | தாங்கும் | எண்கள் நெருங்கி நிற்கும்போது, எல்லையைக் கண்டுபிடிக்க |
| மடக்கை | பிழைச் சோதனையோடு மட்டும் | இரண்டு பெருக்கல் | தாங்கும் | எத்தனை மடங்கு என்று தெரிய, அடிமானம் எதுவாக இருந்தாலும் |

## யார் எதை எடுப்பது

குரூப் 4, வங்கித் தேர்வு என்று கொள்குறி வகைக் கேள்விகளுக்குப் படிப்பவர்கள் முதல் வழியைக் கை பழக வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகைத் தேர்வில் எண்கள் பெரும்பாலும் பொதுக் காரணியோடுதான் வரும், ஏனென்றால் கேள்வி அமைப்பவரும் கையால்தான் விடையைச் சரிபார்க்க வேண்டும். கேள்வியைப் பார்த்ததும் அடுக்குகளின் மீப்பெரு பொதுக் காரணியை எழுதுங்கள். அது 10-க்கு மேல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். 1 அல்லது 2 என்று வந்தால் அந்த வழியை அங்கேயே விட்டுவிட்டு 1024-ஐ நினைத்துப் பாருங்கள்.

எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் முதலில் நடு எண்ணைத்தான் காட்டுகிறேன். அடுக்கு விதிகளை இன்னும் தடுமாறிப் போடுகிற வயதில், (2⁵)²⁰ என்று பிரிக்கப் போய் 2²⁵ என்று எழுதிவிடுகிறார்கள். 1024 > 1000 என்பது கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, அதில் குழம்ப ஒன்றுமில்லை.

ஒலிம்பியாட் மாதிரிப் போட்டிகளுக்கு ஏணியைத் தவிர்க்க முடியாது. அங்கே நிரூபணம் கேட்பார்கள், எண்களும் வேண்டுமென்றே நெருக்கமாக வைக்கப்பட்டிருக்கும். பழகுவதற்கு ஒரு கணக்கு தருகிறேன்: 3¹⁰⁰ எந்த இரண்டு அடுத்தடுத்த 2-இன் அடுக்குகளுக்கு நடுவில் விழுகிறது? 3⁹⁶ = (3¹²)⁸ என்று தொடங்கி, 1.02-ஐ எட்டாம் அடுக்குக்கு உயர்த்தினால் 1.18 தாண்டாது என்பதை வைத்துப் போடுங்கள். மீதமிருக்கும் 81-ஐ 64-க்கும் 128-க்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். 2¹⁵⁸, 2¹⁵⁹ என்று வர வேண்டும். மடக்கை தெரிந்தவர்கள் 47.71-ஐ 0.3010-ஆல் வகுத்து அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.